தேர்வுக்கு ஏழு மாதம் முன்பே எழுதிய தோல்விக் கதை

2024 டிசம்பரில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு தாளில் நான் தோற்ற கதையை எழுதினோம். அந்தத் தேர்வுக்கு நான் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை.

யோசனை என் தம்பியுடையது. கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். பெரிய வேலை எதையும் தொடங்கும் முன் அவர்கள் குழுவில் இப்படிச் செய்வார்களாம். ஆள் இறந்தபின் செய்வது போஸ்ட்மார்ட்டம், ஆள் உயிரோடு இருக்கும்போதே செய்வது ப்ரீமார்ட்டம் என்று விளக்கினான். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய பிறகு பரவலான முறை இது. நிறுவனங்களின் திட்டங்களுக்கென்று வந்ததை, என் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குச் செய்து பார்ப்போம் என்றான்.

நான் திண்டுக்கல்லில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஐந்து வயதில் மகள். 2024 ஜூன் 9 அன்று முதல் முறை குரூப் 4 எழுதினேன். 200 கேள்விகளில் 121 சரி. தமிழில் நூற்றுக்கு 74, பொது அறிவில் 75-க்கு 38, கணக்கில் 25-க்கு 9. அது எங்கேயும் போதாத மதிப்பெண். "ஏன் அப்படி ஆச்சு?" என்று யார் கேட்டாலும் "நேரம் கிடைக்கல" என்றேன். நான் அதை உண்மையாகவே நம்பினேன்.

அடுத்த தேர்வு 2025 ஜூலையில் என்று ஆண்டுத் திட்டத்தில் வந்துவிட்டது. நான் மறுபடியும் அதே அட்டவணையைப் போட்டுக்கொண்டிருந்தேன்: தினமும் இரவு 9 முதல் 11 வரை. தம்பி அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தான்.

"அக்கா, இதுல என்ன தப்பு வரலாம்னு கேட்டா நீ ஒண்ணும் சொல்லமாட்ட. நான் வேற மாதிரி கேக்கறேன்" என்று தாளின் தலைப்பில் இப்படி எழுதினான்:

"இன்று 2025 ஆகஸ்ட் 10. தேர்வு முடிந்துவிட்டது. விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. 110 கூடத் தேறவில்லை. என்ன நடந்தது?"

இந்த வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "என்ன தடை வரலாம்?" என்று கேட்டால் மனம் திட்டத்தின் பக்கம் நின்று பதில் சொல்கிறது. வரலாம், வராமலும் போகலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. "தோற்றுவிட்டாய், ஏன்?" என்று கேட்டால் நடந்த சங்கதியைச் சொல்வதுபோல மனம் பேச ஆரம்பிக்கிறது. டெபோரா மிட்செலும் அவரோடு இரண்டு ஆய்வாளர்களும் 1989-ல் செய்த ஆய்விலிருந்துதான் க்ளைன் இதை எடுத்துக்கொண்டார். ஒரு நிகழ்வு நடந்தே விட்டதாக வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்குக் காரணங்கள் அதிகமாக வருகின்றன என்பது அதன் சாரம். ஆனால் காரணம் அதிகம் கிடைப்பது வேறு, காரியம் ஜெயிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே நாம் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

என் கணவர், அத்தை, தம்பி, ஆபீஸ் தோழி, நான். பத்து நிமிடம், பேசாமல், தனித்தனியாக எழுதுவது. எழுதி முடித்தபின் ஒவ்வொருவராக ஒரு காரணம் வாசிப்பது. யாரும் மறுத்துப் பேசக்கூடாது, குறிப்பாக நான். இந்த விதியைத் தம்பி மூன்று தடவை சொன்னான். அத்தை ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். என் மகளின் பென்சிலை வாங்கிக்கொண்டு மெதுவாக எழுதினார்.

என் தாளில் நான் எழுதியவை: நேரமின்மை, சோம்பல், கவனச்சிதறல், போன். நான்கும் எனக்கே தெரிந்தவை. நான்கிலும் கைவைத்துப் பிடிக்க ஒன்றுமில்லை. தம்பி ஒன்றுதான் கேட்டான்: "நேரமில்லாம போனது எந்தத் தேதியில?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பதில் வீட்டிலேயே இருந்தது. முந்தைய முறை படித்த நாட்களில் டைரியில் டிக் அடிக்கும் பழக்கம் வைத்திருந்தேன். 2024 ஜனவரி முதல் தேர்வு வரையிலான பக்கங்களை எடுத்து விரித்தோம். டிக் இல்லாத நாட்கள் இறைந்து கிடக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் 8 முதல் 11 வரை காலி, 17 முதல் 20 வரை காலி. என் தோழி பார்த்ததும் சொல்லிவிட்டாள். ஜிஎஸ்டியில் ஜிஎஸ்டிஆர் 1 படிவத்துக்குக் கடைசி நாள் 11. ஜிஎஸ்டிஆர் 3பி படிவத்துக்குக் கடைசி நாள் 20. அந்த நாட்களில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் வரும் வாடிக்கையாளர்களோடு இரவு 9 மணிக்கும் ஆபீஸில்தான் இருப்போம்.

இன்னும் உற்றுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. 11-ம் தேதி முடிந்ததும் 12 அன்று டிக் இல்லை. 13-லும் இல்லை. 20-க்குப் பிறகும் அப்படியே இரண்டு மூன்று நாள் வெற்று. நான்கு நாள் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் எங்கே விட்டோம் என்று தேடி மறுபடி உட்கார எனக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. ஆக மாதத்தில் எட்டு நாள் வேலைக்குப் போக, தொடங்குவதற்கே இன்னும் ஐந்து நாள் போயிருக்கிறது. வருடக் கணக்கு முடிக்கும் மார்ச்சில் மொத்தமே நான்கு டிக். ஐந்து மாதத்துச் சொச்சத்தில் 320 மணி நேரம் என்று அட்டவணை போட்ட நான் படித்தது ஏறக்குறைய அதில் பாதி. பல வருடமாக அந்தத் தேதிகளிலேயே வாழ்கிறேன். அட்டவணை போடும்போது மட்டும் அவை என் நினைவுக்கு வரவேயில்லை.

இந்த இடத்தில்தான் ப்ரீமார்ட்டம் எனக்குப் பிடிபட்டது. "நேரமின்மை" என்ற சொல்லுக்கு மருந்து கிடையாது. "8 முதல் 11, 17 முதல் 20, அதற்கப்புறம் இரண்டு நாள்" என்பதற்கு உண்டு. நாள், நேரம், இடம் சொல்ல முடியாத காரணம் எதையும் தாளில் விடாதீர்கள். அப்படி ஒன்று வந்தால், அது கடைசியாக நடந்த நாளைத் தேடிப் போங்கள்.

மற்றவர்கள் எழுதியதற்கு வருகிறேன்.

தோழியின் தாளில் ஒரே வரிதான். "கால்குலேட்டர் இல்லாமல் அவளுக்குக் கணக்கு ஓடாது." படித்தபோது சுருக்கென்றது. கணக்கு எழுதுவதே தொழில் என்பதால் கணக்குக் கேள்விகளைப் பற்றி நான் பயந்ததே இல்லை. 9 மட்டும் சரியாக வந்ததற்கு நேரம் போதாததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். பக்கத்து மேஜையில் இருந்து பார்ப்பவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது, 15 சதவீதம் போடக்கூட என் கை கால்குலேட்டருக்குத்தான் போகும் என்று.

அத்தை எழுதியது: "பாப்பாவுக்கு உடம்பு முடியாம போச்சு. நானும் ஊருக்குப் போயிருந்தேன்." இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாக எழுதியிருந்தார். தனித்தனியாக வந்தால் சமாளித்துவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும்.

தம்பி எழுதியது: "தேர்வு ஜூலை இரண்டாம் வாரம். 10-ம் தேதி ராத்திரி 11 மணிக்கு ஆபீஸ்ல இருந்து வந்தா. ஜூலை 31 வருமான வரிக் கணக்கு வேற. அந்த மாசம் முழுக்க அவ தூங்கவே இல்ல."

என் கணவர் "உடல்நலம்" என்று மட்டும் எழுதியிருந்தார். எல்லோரும் போனபின் இரவில் இன்னொரு தாளைக் கொண்டுவந்து தந்தார். "ஞாயிற்றுக்கிழமை எங்க ஆளுங்க வருவாங்க. வரவேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். நீ எந்திரிச்சு சமைக்கப் போவ. நான் பாத்துக்கிட்டு இருப்பேன்." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கூடத்தில் எல்லோர் முன்னாலும் அவர் அதை வாசித்திருக்க முடியாது. அதனால் இதைச் செய்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன். சபையில் வாசிப்பதோடு முடித்துவிடாதீர்கள். சொல்லக் கூச்சப்பட்டதை எழுதித் தர ஒரு ராத்திரி அவகாசம் கொடுங்கள். தனி மனிதரின் லட்சியத்துக்குக் குறுக்கே நிற்பவை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், அவற்றைச் சொல்லத்தான் அதிகம் தயங்குவார்கள்.

மொத்தம் 23 காரணங்கள் சேர்ந்தன. ஹால்டிக்கெட் மறந்தது, பஸ் பஞ்சர், பேனா எழுதாமல் போனது எல்லாம் உண்டு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வழியில் தோற்க முடியுமென்றால் எதற்குப் படிக்கவேண்டும் என்றிருந்தது. இது எல்லோருக்கும் வரும் கட்டம் என்றும், பட்டியலோடு படுக்கப் போனதுதான் தப்பு என்றும் தம்பி போனில் சொன்னான். காரணம் எழுதிய அன்றே அவற்றைக் கழித்துக் குறைத்துவிட வேண்டுமாம்.

மறுநாள் இரண்டு கேள்வி வைத்துக் கழித்தோம். இது ஒன்று மட்டும் நடந்தாலே காரியம் கெடுமா? இதற்காக இந்த மாதமே செய்ய ஏதாவது இருக்கிறதா? பஸ் பஞ்சர் போன்றவை தேர்வுக்கு முந்தைய நாள் குறிப்பில் சேர்ந்தன. மிஞ்சியவை நான்கு: ஆபீஸ் தேதிகள், கணக்கு, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையின் உடல்நிலை. நான்குக்கு மேல் வைத்திருந்தால் படிப்பதை விட்டுவிட்டுத் தடைகளையே காவல் காத்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஆபீஸ் தேதிகளுக்காக அட்டவணையையே மாற்றினோம். நெருக்கடியான எட்டு நாட்களில் புதிய பாடம் கிடையாது. பஸ்ஸில் போகும்போது பத்துக் கணக்கு, இருபது நிமிடம், அவ்வளவுதான். அந்த இருபது நிமிடம் பாடம் முடிப்பதற்காக இல்லை, தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பதற்காக. 12-ம் தேதி உட்காரும்போது முதல்நாள் போட்ட கணக்கு கையில் இருக்கும். எனக்கு அதிகம் பலன் தந்த மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அந்த வருடம் தொடங்குவதற்கென்று நான் இழந்த நாட்கள் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் போகவில்லை.

தம்பி எழுதிய ஜூலைக்காக, ஜனவரியிலேயே ஆடிட்டர் சாரிடம் போய், தேர்வு வாரத்தில் ஐந்து நாள் விடுப்பு வேண்டும், அதற்குப் பதிலாக மற்ற மாதங்களில் தோழியின் 20-ம் தேதி வேலையில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். ஜூலையில் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. ஏப்ரல் 25 அன்று அறிவிப்பு வந்தபோது தேர்வு ஜூலை 12, சனிக்கிழமை என்றிருந்தது. ஜிஎஸ்டிஆர் 1-க்குக் கடைசி நாள் அதற்கு முந்தைய நாள். வருமான வரிக் கணக்குக்கான ஜூலை 31 கெடுவை, தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு, செப்டம்பர் 15-க்குத் தள்ளிவைத்து மே 27-ல் அறிவிப்பு வந்தது. அது எங்கள் கணக்கில் இல்லாத அதிர்ஷ்டம்.

கணக்குக்கு ஒரு பயிற்சியும் ஓர் எச்சரிக்கை மணியும் வைத்தோம். ஆபீஸில் எந்த பில் வந்தாலும் வரியை முதலில் மனதில் போட்டுவிட்டுத்தான் கால்குலேட்டரைத் தொடுவது. 4,350 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால், பத்து சதவீதம் 435, இருபது சதவீதம் 870, அதில் இரண்டு சதவீதமான 87-ஐக் கழித்தால் 783. முதல் வாரம் தலைவலியே வந்தது.

எச்சரிக்கை மணி என்றால், தடை வந்துகொண்டிருக்கிறது என்று முன்னதாகவே காட்டும் ஓர் அடையாளம். அதில் ஒரு எண்ணும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். "பிப்ரவரி கடைசி ஞாயிறு அன்று இருபது நிமிடத்தில் பத்துக்கு ஏழு சரியாக வராவிட்டால் டியூஷன்" என்று எழுதி ஒட்டினோம். அன்று ஐந்துதான் வந்தது. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் "முன்னைக்கு இப்ப பரவாயில்ல" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜூன் வரைக்கும் ஓட்டியிருப்பேன். மார்ச் முதல் வாரத்திலிருந்து சனிக்கிழமை மாலைகளில் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் போனேன். காலமும் வேலையும், கூட்டுவட்டி, கன அளவு ஆகிய மூன்றும்தான் என்னைக் கீழே இழுக்கின்றன என்று இரண்டாவது வாரமே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 9.30 முதல் 12.30 வரை தோழி வீட்டு மாடியில் முழு மாதிரித் தேர்வு. 200 கேள்வி, மூன்று மணி நேரம் என்றால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதைச் சமமாகப் பங்கிட்டால் கணக்கு முடியாது. தமிழின் நூறு கேள்விகளுக்கு 50 நிமிடம், பொது அறிவின் 75-க்கு 56 நிமிடம், கணக்கின் 25-க்கு 50 நிமிடம், மீதி 24 நிமிடம் விடைத்தாளில் வட்டம் கருப்பாக்குவதற்கும் திரும்பிப் பார்ப்பதற்கும் என்று பிரித்துக்கொண்டேன். வீட்டில் இருந்தபடி இதைச் செய்திருக்கவே முடியாது. ஞாயிறு மதியம்வரை நான் வீட்டில் இருக்கமாட்டேன் என்பதைத் தன் உறவினர்களிடம் என் கணவரே சொன்னார். அது அவர் எடுத்துக்கொண்ட பங்கு.

பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போவதைத் தடுக்க முடியாது. இடம்தான் விட்டுவைக்க முடியும். மார்ச், மே, ஜூன் மாதங்களில் தலா ஒரு வாரத்தைக் காலியாக விட்டோம். மே மாதம் மகளுக்கு அம்மை போட்டது, பன்னிரண்டு நாள். அப்போது அத்தையும் ஊரில் இல்லை. மே மாதக் காலி வாரம் முழுதும் போய், மேலும் ஐந்து நாள் போயிற்று. வேப்பிலையை அருகில் வைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் எனக்குப் பதற்றம் இருந்தது. ஆனால் திட்டமே உடைந்துவிட்டது என்ற எண்ணம் வரவில்லை, ஏனென்றால் இது தாளில் ஏற்கெனவே எழுதியிருந்தது. முந்தைய முறை இப்படி நடந்திருந்தால் அங்கேயே விட்டிருப்பேன்.

ஜூலை 12 அன்று எழுதினேன். விடைக்குறிப்போடு பார்த்தபோது 200-க்கு 149. கணக்கு 9-லிருந்து 21 ஆகியிருந்தது. பொது அறிவு 38-லிருந்து 57. தமிழ் 74-லிருந்து 71-க்கு இறங்கியிருந்தது. நினைத்த இடம் கிடைக்க அது போதவில்லை.

அந்த 71-ஐத்தான் நான் பல நாள் யோசித்தேன். வினாத்தாளில் தமிழ்ப் பகுதி எனக்குக் கடினமாக இருந்தது உண்மை. பாடத்திட்டமும் மாறியிருந்தது. சொல்லகராதி, கலைச்சொற்கள் என்று அலகு அலகாக வந்திருந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டு பழைய குறிப்பையே படித்தேன். டிசம்பரில் எழுதிய அந்த 23 காரணங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "அவளுக்குத் தமிழ் பிரச்சினையில்ல" என்று தோழி சொன்னதும் எல்லோரும் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. ப்ரீமார்ட்டத்தின் எல்லை இங்கேதான் இருக்கிறது. யாரோ ஒருவர் மனதிலாவது இருக்கும் பயத்தைத்தான் அது வெளியே கொண்டுவரும். எல்லோரும் நம்பும் இடத்தை அது தானாகத் தொடாது. ஏப்ரலில் ஒரு தடவை மறுபடி உட்கார்ந்திருந்தால், புதிய பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருந்தால், பிடித்திருக்கலாம் என்று நினைக்கிறேன். நாங்கள் ஒரே தடவையோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்த தேர்வுக்காகப் போன மாதம் மறுபடி அதே கூடத்தில் உட்கார்ந்தோம். இந்த முறை தம்பி இரண்டு தாள் கொடுத்தான். முதல் தாளில் பழைய கேள்வி. இரண்டாவதன் தலைப்பு: "இவளுடைய பலம் என்று நாம் எல்லோரும் நம்பிய ஒன்றுதான் இவளைக் கவிழ்த்தது. அது எது, எப்படி?" அதற்கு எல்லோருக்கும் அதிக நேரம் பிடித்தது. அத்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: "கணக்கு இப்ப நல்லா வருதுன்னு சனிக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போறத நிறுத்திட்டா."

போன நவம்பரிலேயே நிறுத்திவிட்டிருந்தேன். இந்தச் சனிக்கிழமை மறுபடி போகிறேன்.